கப்பலிலிருந்து ராயக்கோட்டை மண்டிக்கு

சிங்கப்பூர் போய் வந்து பத்து நாள் கூட ஆகவில்லை. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தபோது அப்பாவின் போன் பில் என் மெயிலுக்கு வந்தது. மாதாமாதம் ஐந்நூறைத் தாண்டாத பில். அன்றைக்கு முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். புள்ளி இடம் மாறி விழுந்திருக்குமோ என்று இரண்டு தடவை பார்த்தேன். புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது.

ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் அப்பா தக்காளி போடுகிறார். அறுபது வயது நிறைந்ததற்கு அவரையும் அம்மாவையும் சிங்கப்பூர் கூட்டிப் போனேன். அங்கிருந்து மூன்று இரவு கப்பல் பயணம், நடுவில் மலேசியாவில் பினாங்கில் ஒரு நாள். புறப்படும் முன்பே அப்பாவின் போஸ்ட்பெய்டு நம்பருக்கு ரோமிங் பேக் போட்டிருந்தேன். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் அதில் உண்டு. அப்படியானால் நடுவில் இருக்கும் கடலும் அதில் அடங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் அம்மாவுக்கும் ப்ரீபெய்டு. கரை மறைந்ததும் எங்கள் போன்கள் செத்துவிட்டன. அப்பாவின் போனில் மட்டும் சிக்னல். அவருக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை டிபன் நேரத்தில், நம்மூரில் ஆறரை மணி, மேல்தளத்தில் நின்று மண்டிக்காரரோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ராயக்கோட்டை மண்டி. அடுக்கிய கிரேடு பெட்டிகள், பழத்தை அமுக்கிப் பார்க்கும் கைகள். "கடல் பாரப்பா, கடல்!" என்று போனைத் திருப்பிக் காட்டினார். அதையும் நான் சிரித்தபடி போட்டோ எடுத்தேன்.

பில் வந்த அன்று சாயங்காலமே அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

"கப்பல்ல என்னப்பா பண்ணுன? எத்தனை தடவை வீடியோ கால் போட்ட?"

"ரெண்டே தடவை. அதுவும் அவன்தான் கூப்புட்டான்."

"யார் கூப்பிட்டாலும் நம்ம டேட்டாதான் போகும். கப்பல் நெட்வொர்க்குன்னு மெசேஜ் வந்திருக்குமே, பாக்கலையா?"

"வந்துச்சு, வெல்கம்னு. முன்னெல்லாம் அத்திப்பள்ளி தாண்டுனா கர்நாடகாவுக்கு வாங்கன்னு வரும், திரும்புனா தமிழ்நாட்டுக்கு வாங்கன்னு வரும். அதையெல்லாம் ஒக்காந்து படிச்சனா?"

கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டுவிட்டேன். தக்காளி விலையை மூன்று நாள் கழித்துக் கேட்டால் குடி முழுகிவிடுமா என்று கூடக் கேட்டேன். அப்பா எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார்.

கஸ்டமர் கேரில் இருபது நிமிடம் பாட்டு கேட்டபின் ஒருவர் வந்தார். "மேடம், உங்க பேக் தரையில இருக்கிற நெட்வொர்க்குக்கு மட்டும்தான். கப்பலும் விமானமும் சேராது. சார்ஜ் சரியாத்தான் இருக்கு" என்றார். புகாரைப் பதிந்து நம்பர் கொடுத்தார். நான்கு நாளில், கட்டணம் சரியானதே, புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

நம்பர் அப்பா பெயரில் இருப்பதால், சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஓசூரில் போன் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் கன்னடம் பேசினாள், அப்பாவைப் பார்த்ததும் தெலுங்குக்கு மாறினாள். அப்பாவும் தெலுங்கிலேயே கப்பல் கதையை ஆரம்பித்து, கப்பலில் கொடுத்த தர்பூசணியின் ருசி வரைக்கும் போய்விட்டார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க கையில கொறைக்கிற அதிகாரம் இல்லீங்க மேடம்" என்று பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள். "ஆனா புகாரை மூடிட்டா மேல்முறையீடு பண்ணலாம். முப்பது நாளைக்குள்ள, காசு கெடையாது. அதுக்கு முன்னால டீட்டெய்ல் பில்லை எடுத்துப் பாருங்க. சாருக்கு கிரெடிட் லிமிட் மூவாயிரம். அதை நெருங்கும்போதே எச்சரிக்கை மெசேஜ் அனுப்பியிருக்கணும். எப்ப வந்துச்சுன்னு பாருங்க."

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பில்லைப் பிரித்துப் பார்த்தோம். கப்பல் ஏறிய முதல் ராத்திரியே, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள், டேட்டா கொட்டித் தீர்ந்திருந்தது. அப்பா பேசிய இரண்டு கால்களும் சேர்ந்து பில்லில் நாலில் ஒரு பங்குதான்.

"அந்த நேரத்துல நான் தூங்கிட்டு இருந்தேனே" என்றார் அப்பா. நிஜம்தான். அவர் குறட்டையில் அம்மாவும் நானும் தூங்காமல் கிடந்தோம்.

அவர் போனை வாங்கி, ரோமிங்கில் எந்தெந்த ஆப் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று பார்த்தேன். முதலிடத்தில் போட்டோ பேக்கப். சட்டென்று முகம் சுட்டது. சிங்கப்பூரில் இறங்கிய அன்று, பேக்கில்தான் நிறைய டேட்டா இருக்கிறதே, வைஃபை இல்லாவிட்டாலும் போட்டோக்கள் தானாக ஏறட்டும் என்று அந்த செட்டிங்கைப் போட்டுவிட்டது நான்தான். அம்மா சிங்கத் தலைச் சிலையின் முன்னால் நின்ற நாற்பது படங்களும், அவள் கண்ணை மூடிக்கொண்ட படங்கள் உட்பட, நடுக்கடலில் மெனக்கெட்டு வானத்துக்கு ஏறியிருக்கின்றன.

"அப்பா, இது என் தப்பு. உன்னை வீணாத் திட்டிட்டேன்."

அவர் பில்லைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "வுடு. நாலில் ஒரு பங்கு என்னுதுதானே" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "என் பொண்ணு பெரிய கம்பெனியில பர்ச்சேஸ் பாக்குது" என்றார் தெலுங்கில். அது பெருமையா, குத்தலா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அப்பா மெசேஜ்களைப் படிப்பதில்லை, ஆனால் எதையும் அழிப்பதும் இல்லை. தேடியபோது கிடைத்தது. லிமிட் தாண்டியது ராத்திரி ஒரு மணிக்கு முன்னால். எச்சரிக்கை மெசேஜ் வந்தது மறுநாள் மதியம், கப்பல் பினாங்கு போய்ச் சேர்ந்த பிறகு. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றே மேல்முறையீடு எழுதினேன். பேக்கில் கப்பல் சேராது என்று கவனிக்காதது எங்கள் தவறு, பேக்கப்பை நிறுத்தாததும் எங்கள் தவறு, லிமிட் வரைக்கும் கட்டுகிறோம். நேரத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தால் போனை அணைத்திருப்போம், அதனால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று. பில்லின் பக்கங்களையும் மெசேஜ் படத்தையும் சேர்த்தேன். கம்பெனியில் சப்ளையர்களுக்கு எழுதும் கடிதம் மாதிரியே வந்தது.

பதில் வருவதற்குள் பில் கட்டும் கெடு தாண்டியதால் அப்பாவின் நம்பரில் வெளியே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அப்பா அம்மாவின் போனிலிருந்து மண்டிக்குப் பேச ஆரம்பித்தார். மண்டிக்காரர்கள் திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது அம்மா. "அந்த வெலைக்கு நீங்களே வந்து பறிச்சுக்குங்க" என்று அவள் ஒருவரிடம் சொல்லி வைத்துவிட, அவர் பத்து நிமிடத்தில் கிரேடுக்கு இருபது ரூபாய் ஏற்றிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். அப்பா அன்றைக்கு ரொம்ப நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மூன்றாவது வாரம் மேல்முறையீட்டுப் பிரிவிலிருந்து ஒரு அம்மா பேசினார். கப்பல் நெட்வொர்க்கிலிருந்து கணக்கு தங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது என்றார். அது உங்களுக்கும் அந்த நெட்வொர்க்குக்கும் உள்ள விஷயம், எங்களுக்கு மெசேஜ் நேரத்துக்கு வரவில்லையே என்றேன். ஒரு நிமிடம் எதையோ தட்டும் சத்தம். "இந்த ஒரு தடவை மட்டும் லிமிட்டுக்கு மேல் போன தொகையை எடுத்துவிடுகிறோம். மூவாயிரமும் வரியும் இந்த மாத வாடகையும் கட்டினால் போதும்" என்றார். எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்டேன். அனுப்பினார்.

நான்காயிரத்துக்கும் கொஞ்சம் மேல் வந்தது. என் பங்கு முக்கால், அப்பா பங்கு கால் என்று பிரித்துக் கட்டினோம். கணக்கில் அவர் பிடிவாதமாக இருந்தார்.