டவுனுக்குப் போகும் கவுன்

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் இன்றைக்குச் சிரம்பானில் எனக்கு இரண்டு பட்டறைகள் இருக்கின்றன. லிங்கியிலிருந்து கூட லோரியை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சத்தம் எப்போதும் வருகிறதா, மேடு ஏறும்போது மட்டும் வருகிறதா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கேள்வி எனக்குப் பதினைந்து வயதில் தெரியாது.

அப்போது நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். பொதுத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் முதல் பட்டறை. மாமா கழித்துப் போட்ட ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு தோட்டத்துச் சைக்கிள் அத்தனையையும் நான்தான் ஓட வைத்தேன். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் சைக்கிளும் அதில் சேர்த்தி. தினமும் நாலு மணிக்கு அங்கே உட்கார்ந்துவிடுவேன்.

ரோசலின் வீடு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது. நடக்கப் பழகிய நாளிலிருந்து கூட்டாளி. ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி ஒருவர் தொடையில் ஒருவர் வைப்பதும், கால்வாயில் மீன் பிடிப்பதும் எங்கள் விளையாட்டு. அவள் அண்ணனுடைய பழைய சட்டையும் கைலியும்தான் அவளுக்கு உடுப்பு. அவள் அம்மாவோடு, மரத்துக் கோப்பைகளில் உறைந்து கிடக்கும் கட்டிப்பால் பொறுக்கப் போவதால் புளித்த பால் வாடை எப்போதும் இருக்கும். எனக்கும் இருந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை.

அவளிடம் ஒரு நல்ல உடுப்பு இருந்தது. நீலப் பூப்போட்ட வெள்ளைக் கவுன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு உடுத்துவாள். ஒரு நாள் நாலு மணிக்கு அந்தக் கவுனோடு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். கிழமை புதன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கிளிப் குத்தியிருந்தாள். கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது.

எங்கள் தோட்டத்தில் நல்ல உடுப்புக்கு இரண்டே அர்த்தம்தான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கோயில் அல்லது சர்ச். வேறு கிழமையாக இருந்தால் டவுன்.

"டவுனுக்கா?" என்றேன்.

அவள் கொஞ்சம் நின்றாள். "ஆமா."

"அப்படின்னா எனக்கு வால் டியூப் வாங்கிட்டு வாயேன். ரெண்டு முழம்."

வால் டியூப் என்பது சைக்கிள் சக்கரத்தில் காற்று இறங்காமலிருக்க வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ரப்பர் மரம். அந்தக் குழாய்க்கு லுக்குட் டவுனுக்குத்தான் போக வேண்டும். அவள் குடத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டுச் செம்மண் ரோட்டில் நடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் கவுன் விளிம்பெல்லாம் சிவப்புத் தூசியோடு திரும்பி வந்து டியூப்பைக் கொடுத்தாள். நான் அதை இழுத்துப் பார்த்து, இது தடிமன், அடுத்த தடவை மெல்லிசாகக் கேள் என்றேன். தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. நாலு மணிக்கு ஆட்டுக்குத் தழை போடுவது அவள் வேலை. அதைத் தம்பி தலையில் கட்டினாள். ஐந்து மணிக் கூட்டத்தில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிப்பவள், யாருமில்லாத நாலு மணிக்கு வர ஆரம்பித்தாள். "நாளைக்கும் இங்கதான் இருப்பியா?" என்று முதல் நாளே கேட்டுக்கொள்வாள். இடது புருவத்தில் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. நான்தான் கல்லெறிந்து உண்டாக்கியது. இப்போது அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதபடி சுற்றி வந்து வலது பக்கமாக நிற்பாள். சைக்கிள் மணியில் முகம் பார்ப்பாள். நான் செயினுக்கு எண்ணெய் போடுவது எப்படி என்று விளக்கினால் சிரிப்பாள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒரு வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அப்போது அக்கா சொன்னாள், "ரோசலினுக்கும் ஒடம்பு சரியில்லயோ என்னமோ. வாரம் பூரா அதே பழைய கைலி, தலைகூட வாரல. தண்ணிக்கும் அஞ்சு மணிக்குத்தான் வந்தா."

"டவுன்ல வேல இல்ல போல," என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு மூஞ்சில இருக்கறது கண்ணா, இல்ல சைக்கிள் லைட்டாடா?"

சைக்கிள் லைட் என்றதும் அவளுக்குத் தொழில் புரிகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு பெண் நாள் கிழமை இல்லாமல் சர்ச் கவுனை மாட்டிக்கொண்டு தனியாக டவுன் பக்கம் போனால் தோட்டம் சும்மா இருக்குமா? லுக்குட்டில் யாரோ ஒரு பையன் என்றார்கள். பஸ் டிக்கெட் கிழிப்பவன் என்று ஒருத்தி சொன்னாள். மளிகைக்கடைப் பையன் என்று இன்னொருத்தி. பேச்சு கடைசியாக அவள் அம்மா காதுக்குப் போனது. ஒரு நாள் அந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீ பொய் சொல்ல மாட்ட. இவ டவுனுக்கு யாரப் பாக்கப் போறா? கேட்டா வாயே தெறக்க மாட்றா லா. ஒன் சாமான் வாங்கத்தான் போறாளா?"

நான் சக்கரத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன்.

"இல்ல அத்த. நான் எதுக்கு அவ்ளோ தூரம் அனுப்பறேன்? அவளே உடுத்திக்கிட்டு டவுனுக்குக் கெளம்பி வர்றா. போறவதானேன்னு நான் சொல்லி விடறேன். எதுக்குப் போறான்னு எனக்குத் தெரியாது."

ரோசலின் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு குனிந்து, கால் விரலில் ஒட்டியிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "ரொம்ப நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டு அவளை வந்த மாதிரியே இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே முடிவு செய்துவிட்டார்கள். சுங்கை காடுட்டில் அவளுடைய சித்தி இருந்தார். அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. பிறகு அங்கேயே ஃபேக்டரியில் சேர்த்துவிடுவது. சனிக்கிழமை லோரியில் போகிறாள் என்று அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு நான் ஏதாவது கேட்பேனா என்று நின்றாள். லோரி எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரோசலின் கொட்டகைக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்த எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அண்ணனின் கிழிந்த சட்டை, பழைய கைலி, வாராத தலை. கட்டிப்பால் வாடை எனக்கு முன்னால் வந்து நின்றது. பவுடர் இல்லை. தழும்பு இருக்கிற பக்கத்தை மறைக்காமல் நேராக நின்றாள். ரப்பர் கொட்டை தேய்த்த பழைய கூட்டாளி திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"இப்பதான் நல்லா இருக்க," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் கைலி மடிப்பிலிருந்து ஒரு சுருள் வால் டியூப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். மெல்லிசு. நான் கேட்ட அதே தடிமன்.

"போன வாரமே வாங்குனது. இது ரொம்ப நாளைக்கு வரும் ஒனக்கு," என்றாள்.

"தீந்துட்டா நீ வாங்கிட்டு வர மாட்டியா என்ன?"

அவள் லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். குடம் கொண்டுவரவில்லை என்பதை அவள் போன பிறகுதான் கவனித்தேன். மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், ரோசலின் எங்கேயும் போகவில்லை, கிழிந்த சட்டையோடு வந்தாள், டவுனுக்குப் போகிறவள் அப்படியா வருவாள் என்று. அக்கா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மறுநாள் நாலு மணிக்குக் கொட்டகையில் உட்கார்ந்து, அவள் கொடுத்த டியூப்பைப் போட்டு மண்டோர் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். கொஞ்சம்கூட இறங்கவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று, குழாயடி இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.