அக்காவின் அறைக் கதவை நான் சாத்திய நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா என்னிடம் கேட்டாள்: "உங்க மச்சான் சாப்பிட்டாங்களா தம்பி?"

மச்சான், அதாவது அவள் கணவர், இறந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

என் பேத்தியைப் பெண் பார்க்க அன்று பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வரன் அக்கா கொண்டுவந்தது. அதற்காகவே, தறிகள் ஓடும் கருமத்தம்பட்டியிலிருந்து நான்கு நாள் முன்னதாக சரவணம்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருந்தாள். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. ஆனாலும் பஸ் ஏறித் தனியாக வந்தவள்.

வந்த இரண்டாம் நாளே நீர்க்கடுப்பு என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூச்சம். மனைவி சொன்னபோது, "நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லு, எளநி வாங்கிக் குடு" என்றேன். முப்பத்தோரு வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன் நான். சொந்தத்தில் யாருக்கு ரத்தப் பரிசோதனை வந்தாலும் காகிதம் முதலில் என் கைக்கு வரும். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

ஏழு மணிக்கு மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அக்காவை அவள் நங்கையா என்றுதான் சொல்வாள்.

"ஏனுங்க, நங்கையா பேச்சே சரியில்லீங்க. ராத்திரியிருந்து ஒண்ணுக்கும் போகல. மூச்சு பாருங்க, மாடி ஏறி வந்தவங்களாட்ட வாங்கறாங்க. ஒக்காந்த எடத்துலயே."

"வயசானா அப்படித்தான். உனக்கு எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி."

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நீங்கதான் படிச்சவங்க" என்றாள். அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. அதற்காகவே தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

தொண்ணூற்றாறரை. காய்ச்சல் இல்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி அதைச் சொன்னேன். வயதானவர்களுக்கு உடம்பில் கிருமி பரவும்போது காய்ச்சல் வராமலே போகலாம், சூடு இறங்கவும் செய்யலாம் என்பது எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தெரிந்தவனைப் போல நடந்துகொண்டேன்.

பிறகு கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்தேன். அக்காவின் விரலில் எண் வரவில்லை, வெறும் கோடுகள் மினுங்கின. பேட்டரியை மாற்றினேன். அப்போதும் இல்லை. என் விரலில் மாட்டினேன், தொண்ணூற்றேழு. "மிஷின் நல்லாத்தான் இருக்குது. உங்க வெரல்தான் ரிப்பேருங்க அக்கா" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் விரல்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த காய்கறி போலச் சில்லென்றிருந்தன. நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கால்களுக்கு ஒரு சால்வையைப் போர்த்தினேன்.

பத்தேகாலுக்கு அவள் கூடத்துக்கு வர எழுந்தாள். சேலையைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தாள். "தறி நின்னுபோச்சு, போயிப் பாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் முன்னால் இவள் இப்படிப் பேசினால் என்ன நினைப்பார்கள்? குடும்பத்தில் மூளைக் கோளாறு என்று ஊரில் பேச்சு கிளம்பாதா? இவ்வளவும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. தோளைப் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்தேன். கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அக்கா எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். களைப்பு, தூங்குகிறாள் என்றேன்.

மூன்று மணி நேரம். கேசரி, காபி, பேச்சு, பிறகு சாப்பாடு. மனைவி இரண்டு தடவை அறைப் பக்கம் போகப் பார்த்தாள். இரண்டு தடவையும் பந்தியைப் பார்க்கச் சொல்லி அவளை நான் கண்ணாலேயே திருப்பி அனுப்பினேன்.

ஒன்றேகாலுக்கு அவர்கள் கிளம்பியதும் கதவைத் திறந்தது என் பேத்தி. பட்டுச்சேலையோடு உள்ளே போனவள், "தாத்தா!" என்று கத்தினாள். அக்காவின் முழங்கால்களில் ஊதா நிறத்தில் வலைபோலத் திட்டுகள் படர்ந்திருந்தன. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி என்னைக் கேட்காமல் நூற்றியெட்டுக்குப் போன் செய்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். அக்காவின் நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்தார். வெளுத்த இடம் சிவக்கவே நேரமானது. கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார்: நிமிடத்துக்கு முப்பத்து நாலு. மேல் ரத்த அழுத்தம் எழுபது. நர்ஸிடம், ரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே ஆன்டிபயாடிக்கும் சலைனும் போடச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பேச்சு எப்ப இருந்து மாறுச்சுங்க?"

"மத்தியானத்திலிருந்து" என்றேன்.

என் மனைவி ஐம்பது வருடத்தில் வெளியாட்கள் முன்னால் என்னை மறுத்துப் பேசியதில்லை. அன்று பேசினாள். "இல்லீங்க டாக்டர். காத்தால ஆறு மணியிலிருந்துங்க. மூச்சும் அப்பவே வாங்குச்சுங்க. ராத்திரியிருந்து ஒண்ணுக்குப் போகலீங்க."

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார்: "செப்சிஸ்ங்க ஐயா. நீர்ப்பாதையில இருந்த கிருமியால ஒடம்பு பூராவும் பாதிச்சுருச்சு. பி.பி. எறங்கினா மூளைக்கு ரத்தம் பத்தாது, அதான் கொழப்பம். கைகாலுக்குப் போறதும் கொறையும், அதான் சில்லுன்னு ஆகுது. தாமதமாகற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு உறுப்பைக் காவு கேக்கும்."

"ஆக்ஸிமீட்டர்ல ஒண்ணுமே வரலைங்க" என்றேன்.

"வெரலுக்கு ரத்தம் வந்தாத்தான் அது காட்டும். காட்டாம இருந்ததே ஒரு சேதிதான்."

அக்கா பிழைத்தாள். பதினோரு நாள் தீவிர சிகிச்சை. சிறுநீரகம் நின்றுபோய் நான்கு தடவை டயாலிசிஸ், பிறகு மெல்லத் திரும்பியது. இடது காலில் மூன்று விரல்கள் கறுத்து, அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் விரல்கள் மிஞ்சியிருக்குமா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா வாய்ப்பு அதிகம்" என்றார் மருத்துவர்.

வரன் அமைந்தது. கல்யாணத்துக்கு அக்கா சக்கர நாற்காலியில் வந்தாள். எல்லோரும் அவளிடம், "தம்பி இருந்ததால பொழச்சீங்க" என்றார்கள். அவளும் தலையாட்டினாள். நானும் மறுக்கவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போனது.

போன மாதம்தான் சொன்னேன். கருமத்தம்பட்டியில் அவள் வீட்டில், சர்க்கரையால் இன்னும் முழுதாக ஆறாத அவள் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது. காலையில் அவள் மச்சானைக் கேட்டதை, விரல் சில்லென்றிருந்ததை, மருத்துவரிடம் பொய் சொன்னதை எல்லாம் சொன்னேன். கடைசியாகக் கதவை.

அவள் என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே நெனவில்லை தம்பி. அந்தக் கதவு மட்டும் நெனவிருக்குது. தட்டிப் பாத்தேன். காத்துல சாத்திக்கிச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"நீதானா?" என்றாள்.

"ஆமாங்க அக்கா."

"சரி. கட்டைக் கட்டு" என்றாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று அவள் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேசரித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு தடவை கேட்டது.