ஞானதீபத்தின் அடுத்த கட்டம்

திருத்தங்கலில் எங்கள் லேபிள் பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தவள் ஞானதீபம். நான் பெத்தணன், அங்கே அச்சுக் கோர்ப்பவன். தீப்பெட்டி லேபிளோ வெடிக்கட்டு உறையோ, நான் கோர்த்தது அவள் மேசையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். எண்களில் அவள் கண் வைத்தால் தப்பவே முடியாது. 3-க்குப் பதில் 8 விழுந்திருந்தால் முதலாளி காதுக்குப் போகாமல் என்னிடமே தாளைத் தள்ளிவிடுவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்த ஒரு குணத்துக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

1964 மார்ச்சில் அவள் ஒரு நாள் லீவு கேட்டு மதுரைக்குப் போனாள். சென்னையில் மெரிடியன் மோட்டார் என்று ஒரு கம்பெனி. கணக்கையெல்லாம் அட்டையில் துளை போட்டு வைக்கும் மெஷின்கள் வாங்குகிறார்களாம், அதை இயக்கப் பெண்கள் வேண்டுமாம். ஆள் எடுப்பதைக் கட்டம் கட்டமாக வைத்திருந்தார்கள். முதலில் திறனறித் தேர்வு, பிறகு மெஷினில் உட்கார வைத்துப் பார்ப்பது, பிறகு நேர்முகம், கடைசியில் டாக்டர் பரிசோதனை. ஒன்றில் தேறினால்தான் அடுத்தது.

"என்னம்மா கேட்டாக?" என்றேன், திரும்பி வந்ததும்.

"ரெண்டு ரெண்டு நம்பரா வரிசையாப் போட்டிருந்தாக அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணா, வேறயான்னு சொல்லணும். எட்டு நிமிசத்துல இருநூறு. நான் முடிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் என் தலையெழுத்தைப் பார்த்துப் பழகினவளுக்கு அது ஒரு பரீட்சையா?

ஏப்ரலில் கடிதம் வந்தது. முதல் கட்டத்தில் தேறிவிட்டாள். அடுத்த கட்டம் எப்போது என்பது உரிய காலத்தில் தெரிவிக்கப்படும் என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எங்கள் எல்லாரையும் இரண்டு மாதம் சுற்றிச் சுற்றி அடித்தது.

ஏனென்றால் அவளுக்கு இன்னொரு வேலையும் கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது. அவள் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். அவளுடைய அப்பா தேவாசீர்வாதம் வாத்தியார் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே மிஷன் பள்ளியில் ஒரு இடம் காலி. ஒரு வருடம் முழுக்க இருப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும், மே முப்பத்தொன்றுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் சென்னைக்கு ஓடினால் அப்பாவின் முகத்தில் கரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பெனியும் கூப்பிடாமல் போனால் இரண்டும் போச்சு. அவள் மனம் மெஷின் பக்கம்தான் இருந்தது. தேதி மட்டும் தெரிந்தால் போதும்.

உரிய காலம் என்றால் எப்போது? வாத்தியார் சொன்னார், "அது வேண்டாங்கிறதை மரியாதையாச் சொல்றதும்மா." அவர் தம்பி சொன்னார், இரண்டு வாரம் என்று. கூட்டுறவு ஆபீஸ் எழுத்தர் ஒருவர் ஆறு மாதம் என்றார். நான் மட்டும் என்ன, வாயை மூடிக்கொண்டா இருந்தேன்?

"கேக்கவே கேக்காதம்மா," என்றேன். "லேபிள் ஆர்டர் வருமா வருமான்னு நாமளா கேட்டா என்ன ஆகும்? இவனுக்கு வேலை இல்ல போலன்னு விலையை இறக்கிருவான். கம்முனு இருந்தா அவனே வருவான்."

எங்கள் ஊர் வியாபாரத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. வேலைக்கு ஆள் எடுப்பதில் சரியா என்று நான் யோசிக்கவில்லை. அவளும் மூன்று வாரம் கம்மென்று இருந்தாள். தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் பென்சிலைக் கீழே வைப்பாள்.

மே பத்தாம் தேதி பொறுக்க முடியாமல் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். வெறும் கோடு போட்ட தாள். தேர்வு எண் இது, மதுரையில் எழுதினேன், அடுத்த கட்டம் எப்போது என்று தெரிவிக்க முடியுமா, மே முப்பத்தொன்றுக்குள் வேறு ஒரு வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் முதலாளிமார் கடிதங்களை ஆயிரக்கணக்கில் கோர்த்த கை இது. எந்த வரிக்குப் பிறகு எந்த வரி வரும் என்று விரல் சொல்லும்.

"மோட்டார் கம்பெனிக்குக் கோடு போட்ட தாள்லயா? நம்ம ஊருக்கே கேவலம்மா. வேற வேலை இருக்குன்னு எழுதினா மிரட்டுற மாதிரி இருக்கும். அதை எடுத்துரு. நம்பரு, மதுரை, இதெல்லாம் எதுக்கு? அவுக கடுதாசி நம்பரைப் போட்டா போதும்."

பிரஸ்ஸின் லெட்டர்ஹெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வர்ணம், மேலே மயில், தந்தி விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தது. என் பாணியில் எழுதச் சொன்னேன். தங்கள் கடிதம் கிடைத்தது, முதல் கட்டத்தில் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி, அடுத்த கட்டம் எப்போது என்று தெரிவிக்கக் கோருகிறோம், தங்கள் உண்மையுள்ள, தே. ஞானதீபம். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அண்ணாச்சிக்குத் தெரியாததா என்று எழுதிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மே இருபத்தொன்றாம் தேதி பதில் வந்தது. அவள் பேருக்குத்தான் வந்தது, ஆனால் பிரஸ் விலாசத்துக்கு. கடிதத்தைப் பிரித்தவர் முதலாளி சீனிவாசகம். தன் அறையிலிருந்து கத்தினார்.

"ஏலே பெத்தணா! நம்ம பிரஸ்ஸுக்கு யார்லே மேனேஜர்?"

உறையில் 'திரு. தே. ஞானதீபம், மேனேஜர்' என்று டைப் அடித்திருந்தது. உள்ளே கொள்முதல் பிரிவிலிருந்து கடிதம். உங்கள் அச்சகத்தின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை, நீங்கள் குறிப்பிடும் கடிதம் எங்களிடம் அகப்படவில்லை, இருந்தாலும் பெட்டி லேபிள் மாதிரிகளும் விலைப்பட்டியலும் அனுப்பினால் பரிசீலிக்கிறோம்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. யார் எழுதினார்கள் என்று கேட்கவே மறந்துபோனார். மோட்டார் கம்பெனிக்காரன் லேபிள் மாதிரி கேட்கிறான்! தீபாவளி சீசன் லோடை ஓரம் கட்டிவிட்டு மூன்று பேரை மாதிரி லேபிள் வேலையில் போட்டார். புரூஃப் யாரிடம் வந்தது? ஞானதீபத்திடம். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் கேட்டது என்ன, வந்தது என்ன அண்ணாச்சி? எனக்கு ஒண்ணுமே வெளங்கலை. அவுக என்னைய எடுக்கலையா, இல்ல என் கடுதாசி அவுகளுக்குப் போகவே இல்லையா?"

 பிறகு அவள்தான் லெட்டர்ஹெட்டையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். மயிலைப் பார்த்ததும் தபால் பிரிக்கிறவன் சரக்கு வாங்குகிற பிரிவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். ஆள் எடுக்கிற பிரிவு அவள் கேள்வியைப் பார்க்கவே இல்லை. மீதி இருந்தது பத்து நாள்கூட இல்லை. இன்னொரு கடிதம் போய்ப் பதில் வர அது போதாது.

நேரே முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நானும் பின்னால் போய் நின்றேன். குற்றவாளி நான்தானே.

முதலாளி முகம் சிவந்தது. "என் தாள்லயே எழுதி என் ஆளை வெளிய அனுப்பப் பாத்திருக்கியேலே! அதுவும் சீசன்ல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு அவளைப் பார்த்தார். "நீ ஏம்மா நேராக் கேக்கலை?"

"நேராத்தான் மொதலாளி எழுதினேன். அழிச்சுட்டு மாத்தி எழுதினேன்."

அவருக்கு இன்னொரு கவலை. பொய்யாக எழுதி ஆர்டர் பிடிக்கப் பார்த்தார்கள் என்று நாளைக்கு யாராவது சொன்னால் பிரஸ் பேர் என்ன ஆகும்? போனை எடுத்துச் சென்னைக் கம்பெனிக்கு டிரங்க் கால் பதிந்தார். காலையில் பதிந்தது சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கிடைத்தது. தன் பங்குக்கு மன்னிப்பு கேட்டுவிட்டு, "ஆள் எடுக்கிற பிரிவுக்குக் குடுங்க" என்று ரிசீவரை அவள் கையில் கொடுத்தார்.

அவள் தேர்வு எண்ணைச் சொன்னாள். காத்திருந்தாள். "சரி சார், சரி சார்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "நடுவுல நான் வேற வேலைல இருந்தா என் பேரை எடுத்துருவீங்களா சார்?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டு முடிக்கவும் மூன்று நிமிடம் ஆகி லைன் கட்டாகவும் சரியாக இருந்தது.

"தேதி?" என்றேன்.

"அவுகளுக்கே தெரியலையாம் அண்ணாச்சி. மெஷின் துறைமுகத்துல நிக்குதாம். ரெண்டு மாசம் ஆனாலும் ஆகும், நாலு மாசம் ஆனாலும் ஆகுமாம். என் பேரு வர்ற மார்ச் வரைக்கும் லிஸ்ட்ல இருக்கும், எங்க வேலை பார்த்தாலும் பரவால்லைன்னாரு."

கேட்டும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குமேல் அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மறுநாளே தாளாளரிடம் போய், கூப்பிடும்வரை பாடம் நடத்துகிறேன், ஒரு வருட வாக்கு மட்டும் தர முடியாது என்று சொன்னாள். அவர் வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டார். வாத்தியார் மகளோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இரண்டு பேர், தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாத்தியாரின் தம்பி வழியாகத்தான்.

சீசன் சூடு பிடித்தது. இப்போது முதலாளி அவளைத் துளைத்தார். "எப்பம்மா போவே? சொன்னாத்தான நான் வேற ஆள் பாக்க முடியும்?"

"தெரியலை மொதலாளி. தெரிஞ்ச அன்னைக்கே ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்வேன்," என்றாள். சொன்னபடியே செப்டம்பரில் கம்பெனிக் கடிதம் வந்த அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் அவர் மேசையில் வைத்தாள். இருபத்தெட்டாம் தேதி மெஷின் தேர்வு, மறுநாள் நேர்முகம்.

அன்றைக்குத்தான் நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "கேக்காதன்னு நான் சொன்னது வியாபாரத்துக்காக இல்லம்மா. நீ போயிட்டா என் தப்பை யாரு பாப்பா? எனக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரிஞ்சு ரெண்டு வருசமாச்சு."

"தெரியும் அண்ணாச்சி," என்றாள். "கண்ணாடி போடுங்க."

விருதுநகரில் ரயில் ஏற்றிவிட வாத்தியார் போனார். வழியெல்லாம் பேசவில்லையாம். ரயில் நகரும்போது மட்டும், "சாப்பிட்டுக்கோ" என்றாராம். எங்கள் வாத்தியாருக்கு அதுவே பெரிய பிரசங்கம்.

அக்டோபர் முதல் தேதி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக பிரஸ்ஸுக்கு வந்தாள். தலையெல்லாம் ரயில் கரித்தூள். நான் எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

"ரெண்டுலயும் தேறிட்டேன் அண்ணாச்சி. மெடிக்கல் மட்டும் பாக்கி. பிறவு சொல்றோம்னாக. எப்பன்னு சொல்லுங்க சார்னு அங்கனயே நின்னேன். காலண்டரைப் பாத்து பன்னெண்டாந் தேதின்னுட்டாரு. தேறினா அன்னைக்கே வேலைல சேந்துரணுமாம்."

ரொம்ப சந்தோசம்மா என்றேன். வாய்தான் சொன்னது. போய்விடுவாள், போகமாட்டாள், தெரியாது என்று ஆறு மாதமாகக் குழம்பிக் கிடந்ததில் எனக்கு ஒரு வசதி இருந்திருக்கிறது. இப்போது தேதி தெரிந்துவிட்டது. இன்னும் பதினோரு நாள்தான் அவள் எங்கள் பிரஸ்ஸில் இருப்பாள்.