ஒரே ஹெல்மெட், இரண்டு லைனர்

மூத்த மருமகளுக்குத் துணிக்கடையில் வேலை, இளையவளுக்குப் பல் மருத்துவமனையில். இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்கூட்டர், ஒரே ஹெல்மெட். மூத்தவள் மதியம் வந்து கழற்றி வைத்ததும், அதன் வியர்வை ஈரம் காயுமுன் இளையவள் அதை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். ஒரு மாதமாக அவளுக்கு உச்சந்தலையில் தாங்கமுடியாத அரிப்பு.

"இவ தலையிலிருந்து எனக்கும் பேன் ஏறிடுச்சு அத்தை," என்று மூத்தவள் மாமியாரிடம் வத்திவைத்தாள்.

"இனிமே உன் துண்டைத் தனியா போடு," என்றாள் மாமியார் இளையவளிடம்.

இளையவள் ரோஷத்தோடு தோல் மருத்துவரிடம் போனாள். "பேன் இல்லம்மா. பொடுகு, வியர்வையில அதிகமாகியிருக்கு. ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற மெத்தைத் துணி, அந்த லைனரைத் துவைச்சு எத்தனை நாளாச்சு?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தவள் எல்லோர் முன்னாலும் லைனரைப் பட்டன் பட்டனாகக் கழற்றி, ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அமுக்கினாள். தண்ணீர் கருத்துப்போனது.

"நான்தான் தினமும் ஸ்பிரே அடிக்கிறேன்ல?" மூத்தவள் எகிறினாள்.

"வாசனை அடிச்சீங்கக்கா. ஈரத்து மேல அடிச்சா அழுக்கு எங்க போகும்?"

"எனக்குப் பாடம் எடுக்காதே!"

மறுநாளே இளையவள் தனக்கென்று தனி லைனர் வாங்கினாள். வாராவாரம் துவைத்து நிழலில் உலர்த்தினாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்புவும் சேர, மூன்று வாரத்தில் அரிப்பு அடங்கியது. மூத்தவளும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தன் லைனரைத் துவைக்கிறாள். ஆனால் இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.