"பார்க்கலாமுங்க" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்

மகள் கல்யாணத்துக்குக் காரமடை சமையல்காரரைப் பேசி முடித்திருந்தோம். பெருந்துறையிலிருந்து என் கணவரின் அக்கா போன் செய்து, "அந்தாளு சமையல வாயில வெக்க முடியாது கண்ணு, எங்கூர் ஆளையே வெச்சுக்க" என்றார். சண்டை எதற்கென்று, "சரிங்கண்ணி, பார்க்கலாமுங்க" என்றேன்.

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்ட அண்ணி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்த சமையல்காரர் நம்பரைப் பிடித்து, அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சமையல்காரர் சந்தேகப்பட்டு என்னைக் கேட்டதால் பிழைத்தோம். இல்லாவிட்டால் அதே முகூர்த்தத்துக்கு வேறு வீட்டை ஒப்புக்கொண்டிருப்பார்.

எனக்குக் கொதித்தது. குரலை மட்டும் உயர்த்தாமல் அண்ணிக்குப் போன் செய்தேன். "நம்ம புள்ள கல்யாணம்னு அக்கறையாச் சொன்னீங்க, சந்தோசமுங்கண்ணி. சமையலுக்கு காரமடைக்காரர்தானுங்க, அது மாறாதுங்க. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நீங்கதான் முன்னால நிக்கோணுமுங்க."

"அப்ப எம்பேச்சுக்கு மதிப்பில்லைன்னு சொல்லு."

காரணம் சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அதனால் சொன்னதையே மாற்றாமல் மறுபடியும் சொன்னேன்.

இப்போது யார் யோசனை சொன்னாலும், நன்றி சொன்ன கையோடு எங்கள் முடிவையும் சொல்லிவிடுகிறேன். "பார்க்கலாமுங்க" என்பதே என் வாயில் வருவதில்லை.

கல்யாணப் பந்தியில், ரசத்தில் உப்புப் பத்தவில்லை என்றார் அண்ணி. "கவனிச்சுச் சொன்னீங்களே, சந்தோசமுங்கண்ணி" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலைக்கு அதே ரசத்தை ஊற்றச் சொன்னேன்.