கமர்நிசா வாங்கிக் குடுத்த மார்க்கு

கமர்நிசாக்கா கடைய அடைச்சு நான் பாத்ததே இல்ல. போடியில ஜீப்பு நிக்கிற எடத்துலதான் கடை. விடிய ஏலத்தோட்டத்துக்குப் போற சனத்துக்கு வேண்டிய பிளாஸ்டிக் தாளு, தூக்குவாளி, டார்ச்சு, காலுக்கு மாட்டுற பூட்சு எல்லாம் அங்கதான். நாலரை மணிக்குத் தொறக்கும். சொந்தத் தங்கச்சி மக கல்யாணத்துக்கே பிரியாணி தின்ன கையோட திரும்பி வந்து கடையில உக்காந்த பொம்பள. அப்படிப்பட்டவ ஒரு செவ்வாக்கிழமை, “வேலு, தேனிப் பக்கத்துச் சட்டக் காலேசுக்குப் போறேன், தொணைக்கு வா”ன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் பக்கத்துக் கடையில சாக்கெட்டுத் தைக்கிறவ. ரெண்டு கடைக்கும் ஒரே ஓனரு.

வெசயம் இதுதான். அந்தக் காலேசு டீச்சரு அமுதவள்ளி தூக்குவாளி வாங்க வந்த எடத்துல, பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை இருக்கு, வக்கீலத் தேடி வர்ற கட்சிக்காரரா நடிக்க நெசமான கடைக்காரவுக வேணும்னு கேட்டுருக்காக. கடையக் காலி பண்ணச் சொல்லி நெருக்கடியில இருக்குற ஒரு ஆளு வக்கீலத் தேடி வருது. என்னென்ன வழி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் என்ன ஆபத்துன்னு அந்த ஆளுக்குப் புரியுற மாதிரி பிள்ளைக சொல்லணும். இருபது மார்க்கு. அதுல அஞ்சு, நடிக்கிறவுக கையால போடுறது. அக்கா ஒடனே சரின்னுட்டா. போறவழிச் செலவும் மத்தியானச் சோறும் குடுக்காகளாம், அதுக்குத்தான் ஆசைப்படுறான்னு நான் கேலி பண்ணுனேன். சிரிச்சுட்டுப் பூட்சு அடுக்கப் போயிட்டா.

நடிக்கவேண்டியதக் காயிதத்துல எழுதிக் குடுத்தாக. அக்கா பேரு தவசியம்மா. டீக்கடை. கட்டடத்த இடிச்சுக் கட்டணும், காலி பண்ணுன்னு ஓனரு சொல்றான். அவ்வளவுதான், வேற எதுவும் சேக்கக்கூடாது.

மொத வந்தவன் ராஜ்கமல்னு ஒரு பய. கறுப்புக் கோட்டு, வெளுத்த சட்டை, தலையில எண்ணெய் வழியுது. நான் அக்காவுக்குப் பக்கத்துலயே நாக்காலியப் போட்டு உக்காந்துட்டேன், அவன் ஒண்ணும் கேக்கல. எத்தன வருசமா கடைன்னு கேட்டான், நானே பதில் சொன்னேன். ஓனரு எப்படிப்பட்ட ஆளுன்னான், அதுக்கும் நான்தான். அக்கா வாயத் தொறக்கவே எடமில்ல. பெறகு அவன் சட்டத்தோட நம்பரா அடுக்குனான். மூச்சு விடாம அடுக்கிட்டு, “கவலைய விடுங்கம்மா. நூத்துக்கு நூறு ஜெயிச்சுக் குடுத்துருவேன்”னான்.

“தோத்தா என்னப்பா ஆகும்?”னு அக்கா கேட்டா.

அந்த வார்த்தையே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுக் கும்புட்டான். எனக்கு மனசு குளுந்து போச்சு, பய பெரிய வக்கீலா வருவான்னு நெனச்சேன். அக்கா அஞ்சுக்கு ஒண்ணு போட்டா. காரணம் எழுதணும்னு டீச்சரு சொன்னதும், சந்தையில மூட்டு வலித் தைலம் விக்கிறவன் மாதிரி பேசுறான்னு எழுதச் சொன்னா. அந்த ஒண்ணு கும்புட்டதுக்காம்.

அடுத்து பவித்ரா. சிலமலை ஊருப் பிள்ளை, ஒல்லியா, கொரலே எழும்பல. வந்ததும் மொத சோலியா எங்கிட்டத் திரும்பி, “நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்க்கா. அவுக பேசுறது அவுகளுக்கும் எனக்கும் மட்டும்தான்”னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். பதினெட்டு வருசமா ஒரே செவுத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் உக்காந்திருக்கோம், எனக்குத் தெரியாம இவகிட்ட என்ன இருக்குன்னு கேட்டேன். டீச்சரு, போங்கன்னு கையக் காட்டுனாக. போனேன். போயி சன்னலுக்குக் கீழ நின்னேன். தப்புதான், அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீக?

அந்தப் பிள்ளை அவசரப்படுத்தல. பெறகு, எதுக்காவது நாள் குறிச்சிருக்காகளா, எதுலயாவது கையெழுத்துக் கேட்டாகளான்னு மெதுவாக் கேட்டுச்சு. அக்கா டீக்கடையத் தூக்கி ஓரமா வச்சுட்டா.

“வெள்ளிக்கெழம வருவான். நானா மனசொப்பிக் காலி பண்றேன்னு எழுதி வச்சிருக்கான். மூணு மாசமா வாடகைய நீட்டுனா வாங்க மாட்டேங்குறான், தாயி.”

இது தவசியம்மா கதை இல்ல, அக்கா சொந்தக் கதை. வர்றவன் எங்க ஓனரு மகன் பாண்டித்துரை.

டீச்சரு நடுவுல வந்து, இது பரீட்சை, இவுக எல்லாரும் படிக்கிற பிள்ளைக, நெசமான பிரச்சினைன்னா இதோட நிறுத்திக்கலாமான்னு கேட்டாக. அந்தப் பிள்ளையும், “நான் இன்னும் வக்கீல் இல்லம்மா. நான் சொல்றத ஒரு வக்கீலும் பாக்கணும்”னுச்சு. அக்கா, நீ சொல்லு, நான் பாத்துக்கிறேன்னுட்டா.

மூணு வழி சொல்லுச்சு. கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்; ஆனா அட்வான்சு, காலி பண்ண அவகாசம் எல்லாம் எழுத்துல வாங்காமப் போட்டா அப்புறம் எதையும் கேக்குறது கஷ்டம். ரெண்டாவது, போடிக் கோர்ட்டுலயே இலவசச் சட்ட உதவி இருக்கு, பொம்பளைகளுக்குப் பீசு கெடையாது, அவுகள வச்சு ஒக்காந்து பேசலாம். ஆனா பாண்டித்துரை வரணும்னு கட்டாயமில்ல. மூணாவது, இருந்து சண்டை போடலாம். கோர்ட்டு உத்தரவு இல்லாம அவன் பூட்டுப் போட முடியாது, போட வந்தா தடை வாங்கலாம். வாடகைய அவன் வாங்காட்டியும் மணியார்டர்ல அனுப்பணும். ரெண்டு மாசம் தொடந்து மறுத்தா வாடகை அதிகாரிகிட்டக் கட்டணும்.

“கையில வச்சுக்கிட்டு இருந்தா, நீங்க தரலன்னு அவுக சொல்லுவாக. ஒங்ககிட்ட எழுதுன ஒப்பந்தமும் இல்ல. அதையே காரணமாக் காட்டி வெளியேத்தக் கேக்கலாம். தோக்கவும் வாய்ப்பு இருக்கும்மா.”

தோக்கவும் வாய்ப்பு இருக்காம். சண்டாளி, இப்படியா மூஞ்சிக்கு நேரா சொல்லுவான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க கடைத்தெருவுல யாருகிட்டத்தான் ஒப்பந்தம் இருக்கு? வெத்தல பாக்கு வச்சுச் சாவி வாங்குனதோட சரி. எழுதிக் கேட்டா ஓனர நம்பலன்னு ஆயிரும்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டே இருந்துட்டோம்.

பெறகு அந்தப் பிள்ளை, நான் சொன்னதுல ஒங்களுக்கு என்ன புரிஞ்சதுன்னு திருப்பிச் சொல்லுங்கன்னுச்சு. அக்கா ஒண்ணு விடாமச் சொன்னா. கூட வந்தவுககிட்ட இத ஏன் சொல்லலன்னும் கேட்டுச்சு.

“அவளுக்குத் தெரிஞ்சா அவன் சட்டையப் போயி புடிச்சிருவா. அப்புறம் அவ கடையும் போயிரும். எனக்கு ஒண்டிக்கட்டை வயிறு. அவளுக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு.”

நான் சன்னலுக்குக் கீழயே உக்காந்துட்டேன். ஊரு வாயெல்லாம் எங்கிட்டத்தான் இருக்குன்னு பெருமையடிச்சவ, அழுகச் சத்தம் கேட்டுறக்கூடாதுன்னு முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டேன்.

டீச்சருக்குத்தான் தலைவலி. பரீட்சைத் தாள்ல இடிச்சுக் கட்டுறது இருக்கு, இந்தப் பிள்ளை சொன்னது வேற கேசு. எதுக்கு மார்க்குப் போடுறது? அக்கா ரொம்ப யோசிக்கல, தன் பங்கு அஞ்சையும் போட்டுட்டு, மிச்சம் பதினஞ்ச நீங்க எப்படிக் கொறைக்கிறீகன்னு பாக்குறேன்னு பேனாவ வச்சுட்டா. வேணும்னா வாசல்ல நின்ன ராஜ்கமலுக்கும் ஒண்ணக் கூட்டிப் போடட்டுமான்னும் கேட்டா. அவன் வேணாம்க்கான்னுட்டான்.

திரும்பி வர்ற வழியில, சன்னலுக்குக் கீழ நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டேன்னு அக்காகிட்ட ஒத்துக்கிட்டேன். மறுநாக் காலையில ரெண்டு பேருமாப் போடிக் கோர்ட்டுச் சட்ட உதவியில போயி எழுதிக் குடுத்தோம். அங்க இருந்த வக்கீலம்மாவும் அதேதான் சொன்னாக, தோக்குறது உட்பட. அந்த மாச வாடகைய அன்னிக்கே மணியார்டர்ல அனுப்பியாச்சு.

வெள்ளிக்கெழம பாண்டித்துரை புல்லட்டுல வந்தான். காயிதத்த டார்ச்சுப் பெட்டி மேல விரிச்சு, பேனாவையும் தொறந்து குடுத்தான். நான் மிசினுல இருந்து எந்திரிச்சு அக்கா கடை வாசலுக்கு வந்தேன். அக்கா என்னையப் பாத்து வேணாம்னு தலைய ஆட்டுனா. பல்லக் கடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன்.

“நான் தோத்தாலும் தோப்பேன், தம்பி. காலி பண்ணுன்னு கோர்ட்டு சொல்லட்டும், பண்றேன். நீ சொல்லிப் பண்ண மாட்டேன்”னா.

அவன் அவளப் பாத்தான், என்னையப் பாத்தான், பேனாவ மூடிக்கிட்டு வண்டிய எடுத்தான். அக்கா அடுத்த ஆளுக்குப் பூட்சு அளவு பாக்கக் குனிஞ்சா. எனக்குத்தான் ஊசியில நூலக் கோக்க அரை மணி நேரம் ஆச்சு.