தண்ணிப் படுக்கை

தம்பிக்குத் தலையில் அடிபட்ட நான்காம் நாள் காலை, டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து, "மூளைச்சாவா இருக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க மாமா வண்டியூர்ல ரெண்டு வருசமாப் படுத்த படுக்கையாத்தான் இருக்காரு. அவரையும் இப்படித்தான் கைவிரிச்சாங்க. இவனையும் வீட்ல வச்சுப் பாத்துக்கிறோம், குடுங்க!"

"மாமா கண்ணு முழிக்கிறாரா?"

"காலையில முழிப்பாரு, கொட்டாவி விடுவாரு. ஆளுதான் தெரியாது."

"மூச்சுக்கு மெஷின் இருக்கா?"

"இல்ல. மூக்குல சாப்பாட்டு டியூப் மட்டும்."

"அவருக்கு நெனப்பை நடத்துற மேல்மூளைதாம்மா போச்சு. மூச்சையும் முழிப்பையும் நடத்துற மூளைத்தண்டு வேலை செய்யுது. அவரு உயிரோட இருக்காரு. தம்பிக்குத் தண்டும் சேந்து போயிருச்சோன்னுதான் பாக்குறோம். அப்படின்னா அது இறப்புதான்."

"கை சூடா இருக்கே! நேத்து கால் விரல் ஆடுச்சே!"

"மெஷின் காத்துக் குடுக்குற வரைக்கும் இதயம் கொஞ்ச நாள் தானாத் துடிக்கும். விரல் ஆடுறது முதுகுத்தண்டுல இருந்து வர்றது. ரெண்டு தடவை, ஆறு மணி நேரம் இடைவெளி விட்டுச் சோதிச்சுப் பாப்போம். நீங்களும் கூட நிக்கலாம்."

அம்மா வெளியே போய் அத்தைக்குப் போன் போட்டாள். "மாமாவோட தண்ணிப் படுக்கையக் குடுத்துவிடு. இவனுக்கு முதுகு புண்ணாயிரும்."

முதல் சோதனையில் தம்பி தானாக மூச்சு விடவில்லை. சாயங்காலம் இரண்டாவது சோதனைக்கு நான் உள்ளே போனேன். கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள், பாவை சுருங்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டார்கள், இருமல் இல்லை. கடைசியாக மெஷினைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் மெல்லிய குழாயில் விட்டார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைத்தண்டில் துளி உயிர் இருந்தாலும் நெஞ்சு மூச்சுக்கு எழும்பியே தீருமாம்.

நான் சட்டை விலகிய அந்த நெஞ்சையே பார்த்தேன். இந்தப் பயல் சின்னதில் கிணற்றில் முங்கி, எண்ணி முடித்தும் மேலே வராமல் என்னை அழவைத்தவன். "விடுடா மூச்சை!" என்று கத்திவிட்டேன். யாரும் என்னை அதட்டவில்லை. எட்டு நிமிடம். நெஞ்சு எழும்பவே இல்லை. ரத்தம் எடுத்து, வாயு போதுமான அளவு ஏறியிருப்பதைப் பார்த்த டாக்டரம்மா, இனி இல்லை என்று மெல்லத் தலையசைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் லோடு ஆட்டோ நின்றது. மடித்த படுக்கையை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

"மூச்சு விட்டானா?"

"இல்லம்மா."

படுக்கையை அவளே ஆட்டோவுக்குள் திரும்பத் தள்ளினாள். பிறகு ஆட்டோக்காரரிடம் சொன்னாள். "திருப்பிக் கொண்டுபோயிருங்கண்ணே. அங்க அந்த மனுசன் வெறுங்கட்டில்ல கெடப்பாரு. அவரு மூச்சு விடுறாருல்ல."